ஆறாவது ஐசோமர் எங்கிருந்து வந்தது?

ஓ நிலை வேதியியலில் C₆H₁₄-க்கு எத்தனை ஐசோமர் என்று கேட்டால் விடை ஐந்து. என் துணைப்பாட மாணவர்களின் தாளில் அடிக்கடி ஆறு இருக்கும். கூடுதலாக வந்தது பெரும்பாலும் இதுதான்:

```
      CH3
      |
      CH2
      |
CH3 - CH - CH2 - CH3
```

படுக்கைவாட்டில் நான்கு கார்பன், மேலே எத்தில்; உடனே 2-எத்தில்பியூட்டேன் என்று எழுதிவிடுகிறார்கள். கண் நேர்கோட்டைத்தான் சங்கிலியாக எடுத்துக்கொள்கிறது.

இப்போது பெயர் எழுதும் முன் பென்சிலை எடுக்கச் சொல்கிறேன். இங்கே மூன்று CH₃ முனைகள். ஒவ்வொரு முனையிலிருந்தும் மற்ற முனைக்குக் கார்பன்களை எண்ண வேண்டும். இடமிருந்து வலம் நான்கு, இடமிருந்து மேல் நான்கு, மேலிருந்து வலம் ஐந்து. ஆக, சங்கிலி வளைந்து போகிறது. இது 3-மெத்தில்பென்டேன். அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது.

CH₃, CH₂, CH எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. 2-மெத்தில்பென்டேனிலும் 3-மெத்தில்பென்டேனிலும் மூன்று CH₃, இரண்டு CH₂, ஒரு CH தான். CH-இன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்: முதலாவதில் இரண்டு CH₃, ஒரு CH₂, இரண்டாவதில் ஒரு CH₃, இரண்டு CH₂. அண்டை வேறு என்றால் சேர்மமும் வேறு.

இதே கண்ணோடு 1-மெத்தில்பென்டேன் என்று எழுதியதைப் பார்த்தால், அது வெறும் ஹெக்சேன். முனைக் கார்பனில் கிளை கிடையாது, சங்கிலி நீள்கிறது, அவ்வளவுதான்.