பக்க முகவரி தமிழிலா, ஆங்கில எழுத்திலா? கூடவே தமிழ் டொமைன் பொருத்தும் முறை

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் ஒருவருக்கு வேர்ட்பிரஸ்ஸில் தளம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தளம் நிறுவி, பெர்மாலிங்க் அமைப்பில் ‘Post name’ தேர்ந்தெடுத்தாயிற்று. இனி ‘கிருஷ்ணகிரி மாங்கூழ் தயாரிப்பு’ என்று தலைப்பிட்டு ஒரு பதிவை வெளியிட்டால், முகவரியின் கடைசிப் பகுதி இப்படி வந்து நிற்கும்:

```
/கிருஷ்ணகிரி-மாங்கூழ்-தயா
```

‘ரிப்பு’ எங்கே போனது? திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் `%E0%AE%95` போல ஒன்பது எழுத்தாகத்தான் சேமிக்கப்படுகிறது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். ‘கி’ என்றால் 18. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கும் இடம் 200. ‘கிருஷ்ணகிரி’ 11 குறி, அதாவது 99. ‘மாங்கூழ்’ 72. இரண்டு இணைப்புக்கோடுகளையும் சேர்த்தால் 173. மிச்சம் 27-இல் ‘தயா’ மட்டும்தான் அடங்கும்.

அடுத்து ‘கிருஷ்ணகிரி மாங்கூழ் தயாரிப்பாளர்கள்’ என்று இன்னொரு பதிவு போட்டால் அதுவும் ‘தயா’வில்தான் வெட்டுப்படும். ஏற்கெனவே அந்த முகவரி இருப்பதால் பின்னால் `-2` சேர்க்க வேண்டும். அதற்கு இடம் விட இன்னொரு குறி போய் `தய-2` ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் ஒட்டினாலோ, பெரும்பாலும் அந்தச் சதவீதக்குறி வாலே முழுநீளத்துக்கு வந்து விழும். பார்ப்பவர் வைரஸ் லிங்க் என்று நினைத்து அழுத்தமாட்டார்.

தமிழ் முகவரியைக் கூகுள் நன்றாகவே படிக்கும். அதில் பிரச்சினை இல்லை. ஆனாலும் பக்க முகவரிக்கு என் தேர்வு ஆங்கில எழுத்துதான். பதிவை வெளியிடும் முன்பே வலப்பக்கப் பெட்டியில் உள்ள ‘Slug’ஐ `maangoozh-thayarippu` என்று மாற்றிவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். தானாக எழுத்துப்பெயர்க்கும் பிளக்கின்கள் உண்டு, எனக்குப் பிடிப்பதில்லை. கையால் இரண்டு மூன்று சொல் தட்ட எவ்வளவு நேரமாகும்? வெளியிட்ட பிறகு மாற்றினால் பதிவுகளுக்குப் பழைய முகவரியிலிருந்து வேர்ட்பிரஸ்ஸே திருப்பிவிடும். ‘பக்கங்கள்’ விஷயத்தில் அதை நம்பாதீர்கள், ரீடைரக்ட் நீங்களே போடுங்கள்.

டொமைன் கதை வேறு

டொமைன் பெயரில் இந்தச் சதவீதக்குறி வராது. பெயரைத் தேடித்தரும் டிஎன்எஸ் அமைப்பில் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு மட்டுமே புழங்குவதால், தமிழ்ப் பெயரை உலாவி ‘பியூனிகோடு’ வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. அது எப்போதும் `xn--` என்று தொடங்கும். மாற்றிப் பார்க்க:

```
python3 -c "print('இந்தியா'.encode('idna').decode())"
xn--xkc2dl3a5ee0h
```

இதுதான் `.இந்தியா` என்ற முடிவின் உண்மை உருவம். `.இலங்கை`, `.சிங்கப்பூர்` முடிவுகளுக்கும் இதே போல உண்டு.

பெயரைப் பதிவு செய்யும்முன் தட்டச்சைச் சரிபாருங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது. ‘கௌரி’யில் வருவது ஒரே ஔகாரக் குறி, ‘கெளரி’ என்பது ஒற்றைக் கொம்பும் ளகரமும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பியூனிகோடு வேறு, டொமைனும் வேறு. ‘ஸ்ரீ’யிலும் இதே சிக்கல்: முதல் எழுத்து ஸகரமா, ஶகரமா என்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். மேலே உள்ள கட்டளையில் இரண்டு விதமாகவும் அடித்து, விடை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால், கட்டுப்படியானால் இரண்டையும் வாங்கிவிடலாம்.

வாங்கியபின், சர்வரில் தமிழ்ப் பெயரை அப்படியே எழுதாதீர்கள். என்ஜின்எக்ஸில் `xn--` வடிவத்தைத்தான் தர வேண்டும். தமிழ்ப் பெயரைத் தட்டி வருபவரை உங்கள் தளத்தின் முதன்மை முகவரிக்கு, இங்கே `example.com`, திருப்பிவிடும் தொகுதி இது:

```
server {
    listen 80;
    server_name xn--உங்கள்-வடிவம்;
    return 301 https://example.com$request_uri;
}
```

சான்றிதழுக்கும் அப்படியே. செர்ட்பாட்டில் தமிழில் கொடுத்தால் பியூனிகோடில் தரச்சொல்லித் திருப்பி அனுப்பும்.

பின்சேர்க்கை: ‘ஃபார்வர்டு போட்டாயிற்று, ஆனாலும் எச்சரிக்கைப் பக்கம் வருகிறது’ என்று தர்மபுரி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். `https://` என்று வருபவருக்கு, திருப்பிவிடும் முன்பே சான்றிதழைக் காட்டியாக வேண்டும். தமிழ்ப் பெயருக்கும் சான்றிதழ் வாங்கி, 443-க்கு இதே போல இன்னொரு தொகுதி எழுதினால் சரியாகும். வெறும் ஃபார்வர்டு வசதி மட்டும் தரும் பதிவாளரிடம் இது பெரும்பாலும் நடக்காது. டிஎன்எஸ்ஸில் ஏ ரெக்கார்டை உங்கள் சர்வருக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

விசிட்டிங் கார்டிலும் ஆலையின் பெயர்ப்பலகையிலும் தமிழ்ப் பெயரைப் போடுங்கள், மின்னஞ்சலுக்கு வேண்டாம். பல படிவங்கள் தமிழ் மின்னஞ்சல் முகவரியைப் பிழை என்று தள்ளிவிடுகின்றன.