எண்ணுவது கோட், பொருள் பார்ப்பது மாடல்: சோதனைகளைப் பிரிக்கும்போது வரும் பிழைகள்

வெள்ளவத்தையில் ஒரு பொதிச் சேவை, வாடிக்கையாளருக்குப் போகும் தமிழ்க் குறுஞ்செய்திகளை AI மொழி மாடலைக் கொண்டு எழுதுவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செய்தியிலும் மூன்றைப் பார்க்க வேண்டும்: ஒரே எஸ்எம்எஸ்ஸுக்குள் அடங்குகிறதா, கட்டணம் சரியா, தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறதா. மூன்றையும் ஒரே பிராம்ப்டில் போட்டு, "10க்கு எத்தனை?" என்று இன்னொரு மாடலிடம் கேட்பதுதான் முதல் தவறு. 6 என்று வந்தால் எது பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது.

நீளத்தைப் பாருங்கள். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 குறிகள் அடங்கும்; தாண்டினால் துண்டுக்கு 67 ஆகக் குறைந்து, செலவு இரட்டிக்கும். மாடல் எழுத்தெழுத்தாக வாசிப்பதில்லை, டோக்கன்களாக வாசிக்கிறது. 72ஐ 68 என்று கூசாமல் சொல்லும். ஆகவே இது கோடின் வேலை. ஆனால் கோடும் சறுக்கும் இடம் உண்டு. "கொழும்பு" நம் கண்ணுக்கு 4 எழுத்து; `len` கணக்கில் 8. ஒகரக் குறி ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரிந்து பதிவாகியிருந்தால் 9. திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே மாடல் எழுதிய `reply`ஐ எண்ணுமுன் NFC என்ற ஒரே பதிவு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", reply)
ok = len(s) <= 70
```

அனுப்புவதும் இந்த `s` ஆகவே இருக்க வேண்டும். `reply`ஐ அனுப்பினால் சோதித்தது ஒன்று, போனது வேறொன்று.

கட்டணமும் கோடுக்கே. காற்புள்ளியை நீக்கிவிட்டுப் பதிவிலுள்ள தொகையோடு ஒப்பிட்டால் போதும்.

வருத்தம்தான் சிக்கல். "மன்னிக்கவும்" என்ற சொல்லைத் தேடினால், "தாமதத்துக்கு வருந்துகிறோம்" தோற்றுவிடும். "மன்னிக்கவும், நாளை கிளை பூட்டு" தேறிவிடும், அதில் தாமதத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாதபோதும். பட்டியலில் சொற்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் இந்தப் பிழை தீராது. பிரிப்பதற்கு எளிய வழி இது: செய்தியின் பொருளை மாற்றாமல் வேறு சொற்களில் எழுதிப் பாருங்கள். அப்போதும் தீர்ப்பு மாறக்கூடாது என்றால் மாடலிடம் கொடுங்கள். எழுத்தோ எண்ணோ மாறியதும் தீர்ப்பு மாற வேண்டுமென்றால் கோடில் எழுதுங்கள்.

மாடலிடம் கேட்பதும் ஒரே கேள்வியாக இருக்கட்டும்: "நடந்த தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டிருக்கிறதா? ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டு." காட்டிய வரி `s`க்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்று கோட் பார்க்கட்டும், இல்லாத வரியை மாடல் புனைந்திருந்தால் அங்கேயே பிடிபடும். நீளத்திலோ தொகையிலோ தோற்ற செய்தியை மாடலிடம் அனுப்பிப் பணம் வீணாக்கவும் தேவையில்லை.

கடைசித் தவறு, இந்த மாடலின் தீர்ப்பையே சோதிக்காமல் விடுவது. 50 செய்திகளை ஆட்களே வாசித்துக் குறித்து, மாடலின் பதிலோடு ஒப்பிடுங்கள். 45 நல்லவை, 5 கெட்டவை என்றால், எல்லாவற்றுக்கும் "ஆம்" சொல்லும் மாடலுக்கும் 90% பொருத்தம் வந்துவிடும். அந்த 5இல் எத்தனையைப் பிடித்தது என்பதைத் தனியாக எண்ணுங்கள். 5 போதாது என்பதால், வருத்த வரியை நீக்கிய செய்திகள் 20ஐ வேண்டுமென்றே தயாரித்துச் சேர்த்துவிடுங்கள்.