மினி சுமோ ரோபோ போட்டிக்கு வரவேற்புரை எழுதுவது எப்படி?

மினி சுமோ என்றால் இரண்டு சின்ன ரோபோக்கள் வட்டக் களத்தில் ஒன்றையொன்று வெளியே தள்ளும் போட்டி. போன வருடம் எங்கள் துறை நடத்திய போட்டியில் வரவேற்புரை 12 நிமிடம் நீண்டது. நன்றி சொல்ல வேண்டிய ஒருவரையும் நண்பன் விடவில்லை, பட்டனை அழுத்தியபின் ரோபோ 5 வினாடி அசையக் கூடாது என்ற விதியைத்தான் விட்டுவிட்டான். முதல் ஆட்டத்திலேயே ஒரு ரோபோ பட்டனை அழுத்தியதும் பாய்ந்தது. எதிரணி கத்த, நடுவர் விழிக்க, அரை மணி நேரம் போயிற்று. இந்த வருடம் உரை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் எழுதிய விதத்தை அப்படியே தருகிறேன்.

படி 1: வணக்கத்தைச் சுருக்குங்கள்

இரண்டு வரி போதும். மேடையில் நிற்காமல் களத்தின் பக்கத்தில் நின்று பேசுங்கள். கையால் தொட்டுக் காட்ட வேண்டிய விஷயங்கள் வரப்போகின்றன.

"எல்லோருக்கும் வணக்கம். ராத்திரி முழுக்க சால்டரிங் செய்துவிட்டு வந்த கண்கள் நிறைய தெரிகின்றன, வாருங்கள். முதலில் இந்தக் களத்தைப் பாருங்கள்."

படி 2: களத்தைக் காட்டிச் சொல்லுங்கள்

"இது 77 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பலகை. மேற்பரப்பு கறுப்பு. ஓரத்தில் 2.5 செ.மீ. அகலத்துக்கு வெள்ளைக் கோடு. அந்தக் கோடும் களத்தைச் சேர்ந்ததுதான். கோட்டின் மேல் நின்றால் நீங்கள் தோற்கவில்லை. ரோபோவின் ஏதாவது ஒரு பாகம் பலகைக்கு வெளியே தரையைத் தொட்டால்தான் தோல்வி."

கடைசி இரண்டு வாக்கியங்களை மெதுவாகச் சொல்லுங்கள். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் கோட்டைத் தொட்டாலே அவுட் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அப்புறம் வெளிச்சம். ரோபோவின் அடியில் இருக்கும் சென்சார், அகச்சிவப்பு ஒளியை அனுப்பி அது திரும்பி வரும் அளவை வைத்துத்தான் கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கிறது. ஜன்னல் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. களத்தில் வெயில் விழுந்தால் கறுப்பும் சில ரோபோக்களுக்கு வெள்ளையாகத் தெரியும். ஓரம் வந்துவிட்டது என்று நினைத்து நடுக்களத்திலேயே பின்வாங்கிக்கொண்டு நிற்கும். அதனால் உரையில் இதைச் சேர்த்தேன்: "திரைகளை மூடிவிட்டோம். இதே வெளிச்சத்தில் இதே பலகையில் சென்சாரைச் சரிபார்க்க ஒவ்வோர் அணிக்கும் 2 நிமிடம் தருகிறோம். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்."

படி 3: மதிப்பெண்ணை ஓர் ஆட்டமாகச் சொல்லுங்கள்

விதியாக அடுக்கினால் யார் மனதிலும் நிற்காது. நான் இரண்டு டிபன் பாக்ஸை ரோபோவாக வைத்து நகர்த்திக் காட்டினேன்.

"சிவப்பு அணி, நீல அணி. நடுவர் சொன்னதும் இருவரும் பட்டனை அழுத்திவிட்டு விலக வேண்டும். ரோபோ 5 வினாடி அசையக் கூடாது. முன்னாலேயே அசைந்தால் ஒரு எச்சரிக்கை, இரண்டாம் முறை எதிரணிக்கு ஒரு புள்ளி. சரி, ஆட்டம் தொடங்கியது. 40-வது வினாடியில் சிவப்பு, நீலத்தை வெளியே தள்ளுகிறது. சிவப்பு 1, நீலம் 0. அடுத்த சுற்றில் இரண்டும் முட்டிக்கொண்டு நகராமல் நிற்கின்றன. 5 வினாடி பார்ப்போம், மாற்றம் இல்லையென்றால் நிறுத்தி மறுபடி வைப்போம். இந்த முறை இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. முதலில் தரையைத் தொட்டது எது என்று நடுவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் புள்ளி இல்லை, மறு ஆட்டம். அதற்குள் ஆட்டத்துக்கான மொத்த 3 நிமிடமும் முடிந்துவிட்டது. வெற்றிக்குத் தேவையான 2 புள்ளி யாருக்கும் வரவில்லை, ஆனாலும் முன்னால் இருக்கும் சிவப்புக்குத்தான் வெற்றி. சுற்றுகளுக்கு நடுவே ரோபோவை எடுத்து வைக்கும் நேரத்தில் கடிகாரம் நிற்கும்."

எச்சரிக்கை எத்தனை, கடிகாரம் எப்போது நிற்கும் என்பதெல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும். முந்தின நாளே நடுவரோடு உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு எழுதுங்கள்.

படி 4: நேர்மையைச் சோதனையாகச் சொல்லுங்கள்

'நேர்மையாக விளையாடுங்கள்' என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எதைச் சோதிப்போம் என்று சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"எடை 500 கிராமுக்குள், நீள அகலம் 10 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உயரத்துக்கு வரம்பு இல்லை. சக்கரத்தில் பசை தடவியிருக்கிறதா என்று பார்க்க ரோபோவை ஏ4 தாளில் வைத்துத் தூக்குவோம். தாள் 2 வினாடிக்கு மேல் ஒட்டிக்கொண்டு வந்தால் சக்கரத்தைத் துடைத்துவிட்டு வாருங்கள். எதிரியின் சென்சாரைக் குழப்பும் விளக்கு, களத்தைக் கீறும் பிளேடு இரண்டும் கூடாது. ஆட்சேபணை இருந்தால் அந்த ஆட்டம் முடிவதற்குள் கேப்டன் மட்டும் வந்து சொல்லுங்கள்."

பசை விஷயத்தில் ஒரு குறிப்பு. சிலிகான் டயர் புதிதாக இருந்தால் தானாகவே கொஞ்சம் ஒட்டும். அதை ஏமாற்று என்று மைக்கில் சொல்லிவிடாதீர்கள். பாவம், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சுருங்கிப்போவார்கள்.

படி 5: விதி தெரியாத ஒருவரிடம் வாசியுங்கள்

நான் விடுதி அறைத்தோழனிடம் வாசித்தேன், அவன் சிவில். முடித்ததும் "வெள்ளைக் கோட்டில் நின்றால்?" என்று கேட்டேன். "அவுட்" என்றான். அதனால்தான் அந்த இடத்தில் ரோபோவைக் கோட்டின் மேல் வைத்தே காட்டுவது என்று முடிவு செய்தேன். மொத்தம் 5 நிமிடத்துக்குள் வந்தது. கடைசி வரி இது:

"எடை மேசை இடது பக்கம் இருக்கிறது. முதல் இரண்டு அணிகள் ரோபோவோடு வாருங்கள்."