பாஞ்சாலங்குறிச்சிப் போர்: காரணமும் விளைவும் எழுதும் முறை

ஐந்து மதிப்பெண் வினாவில் காரணமும் விளைவும் கேட்டிருக்க, நம் திருநெல்வேலிச் சீமைப் பிள்ளைகள் கட்டபொம்மன் கதை முழுவதையும் எழுதிவிடுகிறார்கள். கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதோடு விடை நின்றுவிடுவதால், விளைவுக்குரிய மதிப்பெண் போய்விடுகிறது.

முதலில் அடிப்படைக் காரணத்தை எழுதுங்கள்: 1792 உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் வரி வசூலிக்கும் உரிமை ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்குப் போனது. அடுத்து உடனடிக் காரணம்: வரிப் பாக்கிக்காக கலெக்டர் ஜாக்சன் 1798இல் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரவழைத்தபோது நடந்த மோதல். இரண்டையும் 'இதனால்' என்று இணைத்தால்தான் அது காரணமாகும். வெறும் ஆண்டுகளை அடுக்கினால் அது நிகழ்ச்சி நிரலே. 1799 போருக்கு ஒரே வாக்கியம் போதும்.

மீதி இடம் விளைவுக்கு. உடனே பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டு ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அந்த அடக்குமுறையே 1801இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி மீண்டும் போரிட வழிவகுத்தது. ஆனால் 1801 கர்நாடக உடன்படிக்கையை இப்போரின் நேரடி விளைவாக எழுதாதீர்கள். நவாப் திப்புவுடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.