ஸ்கோப் படத்தை வைத்து அளக்கும்போது நேரும் தவறுகள்

காசிமேட்டு விசைப்படகு ஒன்றின் எக்கோ சவுண்டர் ஆழம் காட்டவில்லை என்று என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவர் போர்டைக் கழற்றி ஆசிலோஸ்கோப்பில் அளந்துகொண்டிருந்தார். ராயபுரத்தில் கடையில் இருந்த எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கூடவே ஒரு செய்தி: "அண்ணா, 50 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 62.5 வருகிறது. வீச்சும் 1 வோல்ட்தான். ஆசிலேட்டர் பகுதியை மாற்றிவிடட்டுமா?"

நல்லவேளையாகக் கேட்டுவிட்டுத்தான் செய்ய நினைத்தார். அந்தப் படத்தில் அலை சரியாகவே இருந்தது. படித்த விதத்தில்தான் மூன்று தவறுகள். இந்த மூன்றையும் பல வருடங்களாகப் பலரிடம் பார்த்துவிட்டேன் என்பதால் அதே படத்தை வைத்தே சொல்கிறேன்.

படத்தின் கீழ் வரியில் `CH1 200mV` என்றும் `M 10.0us` என்றும் இருந்தது. உயரத்தில் ஒரு கட்டம் 200 மில்லிவோல்ட், அகலத்தில் ஒரு கட்டம் 10 மைக்ரோசெகண்ட். தம்பி செய்தது இதுதான். அலை மேலேறும்போது நடுக்கோட்டை வெட்டும் புள்ளிகளை எண்ணினார். ஐந்து புள்ளிகள். முதல் புள்ளியிலிருந்து ஐந்தாவது வரை 8 கட்டங்கள், அதாவது 80 மைக்ரோசெகண்ட். 80-ஐ ஐந்தால் வகுத்தார், 16 வந்தது. 16 மைக்ரோசெகண்டுக்கு 62.5 கிலோஹெர்ட்ஸ்.

ஐந்து கம்பங்கள் நட்டால் அவற்றுக்கு நடுவே நான்கு இடைவெளிகள்தான். ஐந்து வெட்டுப்புள்ளிகளுக்கு இடையே இருப்பவை நான்கு முழு அலைகள். 80-ஐ நான்கால் வகுத்தால் 20 மைக்ரோசெகண்ட், அதிர்வெண் சரியாக 50 கிலோஹெர்ட்ஸ். முதல் புள்ளியை எண்ணும்போது "பூஜ்ஜியம்" என்று தொடங்குங்கள்; இந்தத் தவறு வரவே வராது.

வெட்டுப்புள்ளியை எடுத்தது தம்பி செய்த நல்ல காரியம். முகட்டிலிருந்து முகடு வரை அளப்பவர்கள் உண்டு. முகடு தட்டையாக இருப்பதால் அதன் உச்சி எங்கே என்று கண்ணால் சொல்ல முடியாது. அலை நடுவில்தான் செங்குத்தாக ஓடுகிறது. அங்கே புள்ளி தெளிவாகத் தெரியும். கண்ணால் படிக்கும்போது கட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகு எப்படியும் இருக்கும். ஒரே அலையை, அதாவது 2 கட்டங்களை மட்டும் அளந்தால் அந்தப் பிசகு 5 சதவீதம். 50 கிலோஹெர்ட்ஸில் 2.5 கிலோஹெர்ட்ஸ். எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர் தன் அதிர்வெண்ணைச் சுற்றிக் குறுகிய அளவில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் இந்தப் பிசகு இங்கே பெரியது. நான்கு அலைகளை அளந்தால் அது கால்வாசியாகக் குறைந்துவிடும்.

திரையின் முழு அகலத்தையும் பத்துக் கட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளாதீர்கள். 12 கட்டமும் 14 கட்டமும் உள்ள ஸ்கோப்புகள் இன்று சாதாரணம். எண்ணிப் பாருங்கள்.

இனி வீச்சு. படத்தின் இடது ஓரத்தில் சிறிய அம்புக்குறி ஒன்று இருக்கும். அதுதான் அந்தச் சேனலின் பூஜ்ஜிய வோல்ட் இருக்கும் இடம். இந்தப் படத்தில் அது திரையின் நடுக்கோட்டுக்கு 3 கட்டம் கீழே இருந்தது. அலையோ நடுக்கோட்டுக்கு மேலே 2 கட்டம், கீழே 2 கட்டம் என்று ஓடியது. தம்பி அம்புக்குறியிலிருந்து முகடு வரை 5 கட்டங்களை எண்ணி, 200 மில்லிவோல்ட்டால் பெருக்கி, வீச்சு 1 வோல்ட் என்றார். அது பூமியிலிருந்து முகட்டின் உயரம். வீச்சு என்பது அலை தன் நடுமட்டத்திலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பது. இங்கே அது 2 கட்டம், 0.4 வோல்ட். முகட்டிலிருந்து அகடு வரை 4 கட்டம், 0.8 வோல்ட். இதுவே பீக்-டு-பீக். அம்புக்குறி முதல் நடுமட்டம் வரை உள்ள 3 கட்டமும், அதாவது 0.6 வோல்ட்டும், அலையைத் தூக்கி நிறுத்தியிருக்கும் டிசி.

கோட்டின் தடிமனையும் கவனியுங்கள். இரைச்சல் இருந்தால் கோடு தடித்துத் தெரியும். முகட்டில் கோட்டின் மேல்விளிம்பை எடுத்தால் அகட்டிலும் மேல்விளிம்பையே எடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தடிமனும் வோல்ட்டாகச் சேர்ந்துவிடும்.

ஸ்கோப் தானாகவே அளந்து எழுதும் எண்களிலும் ஒரு கண்ணி உண்டு. பல ஸ்கோப்புகளில் `Ampl` அல்லது `Vamp` என்று வருவது பாடப்புத்தகம் சொல்லும் வீச்சு அல்ல. அலையின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. சைன் அலைக்கு அது ஏறக்குறைய பீக்-டு-பீக்குக்குச் சமம், அதாவது வீச்சைப் போல் இரு மடங்கு. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; பெயர்தான் குழப்புகிறது.

மூன்றாவது தவறு படத்திலேயே தெரியாது. புரோபின் சுவிட்ச் 10X-இல் இருந்தது, ஸ்கோப்பின் மெனுவில் 1X என்று இருந்தது. புரோப் பத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே அனுப்புகிறது. அது ஸ்கோப்புக்குத் தெரியாது. ராயபுரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எப்படித் தெரிந்தது? அந்த 0.6 வோல்ட் டிசிதான் காட்டிக்கொடுத்தது. தம்பி அளந்த டிரைவர் பகுதி 12 வோல்ட்டில் ஓடுகிறது, அதன் வெளியீடு பாதியில், 6 வோல்ட்டில், நிற்கும்படி அமைத்தது. பகுதி பழுதாகிப் பெருக்கம் குறைந்திருந்தால் அலை சிறுத்திருக்கும், நடுமட்டம் 6 வோல்ட்டிலேயே நின்றிருக்கும். இங்கே நடுமட்டமே மிகச் சரியாகப் பத்தில் ஒன்றாக நிற்கிறது. டிசியும் அலையும் ஒரே அளவில் சுருங்கினால் முதலில் புரோபைச் சந்தேகியுங்கள். ஒரு நிபந்தனை: சேனல் டிசி கப்ளிங்கில் இருக்க வேண்டும். ஏசியில் இருந்தால் நடுமட்டம் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும், இந்தத் தடயமே கிடைக்காது.

மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 6 வோல்ட் வந்தது. ஆக உண்மையான வீச்சு 4 வோல்ட், பீக்-டு-பீக் 8 வோல்ட். மல்டிமீட்டரின் ஏசி அளவை இங்கே நம்பக் கூடாது. சாதாரண மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை, 50 கிலோஹெர்ட்ஸில் தவறாகக் காட்டும்.

"மூலையில் ஸ்கோப்பே அதிர்வெண் எழுதுகிறதே, அண்ணா, அதைப் பார்த்தால் போதாதா?" என்று தம்பி கேட்டார். எக்கோ சவுண்டர் விட்டுவிட்டுத்தான் அலையை அனுப்புகிறது. மூலையில் வரும் எண் பெரும்பாலும் ஒரு கால அளவுக்குள் எத்தனை முறை டிரிகர் ஆனது என்ற கணக்கு. நடுவே உள்ள மௌனத்தையும் சேர்த்து வகுத்துக் குறைவாகக் காட்டிவிடும். இந்த வகை அலைக்குத் துடிப்பின் உள்ளே போய்க் கட்டங்களை எண்ணுவதே சரி.

ஆனால் எண்ணுவதற்கு முன் மாதிரி வேகத்தைப் பாருங்கள். திரையில் `Sa/s` என்று முடியும் எண் அது. நேர அளவை மிக மெதுவாக வைத்தால் மாதிரி வேகமும் விழும். அது 50 kSa/s-க்கு வந்துவிட்டால், 51 கிலோஹெர்ட்ஸ் அலை அழகான 1 கிலோஹெர்ட்ஸ் சைனாகத் திரையில் நிற்கும். பார்த்தால் பொய் என்று தோன்றவே தோன்றாது. மாதிரி வேகம் அலையின் அதிர்வெண்ணைப் போல் பத்து மடங்காவது இருக்கும் படத்தையே நான் கணக்குக்கு எடுப்பேன். அதனால்தான் ஓரத்தை வெட்டிய படத்தை அனுப்பாதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சுகிறேன். வெட்டுப்படும் ஓரத்தில்தான் அம்புக்குறியும் அளவுகளும் மாதிரி வேகமும் இருக்கின்றன.

மெனுவை 10X-க்கு மாற்றி தம்பி மறுபடியும் படம் அனுப்பினார். `CH1 2.00V`, அதே நான்கு கட்டம். டிரைவர் பகுதியில் பழுதில்லை என்பது உறுதியானது. அதற்குப் பிறகுதான் படகில் இறங்கி டிரான்ஸ்டியூசர் கேபிளைத் தடவிப் பார்த்தார். டேப் சுற்றிய இணைப்பு ஒன்றின் உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்து, செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடியாகியிருந்தது.