இன்டர்வியூ வாரத்தில் லீவா? ரெக்ரூட்டருக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு லண்டன் நிறுவனம் ஒன்றிலிருந்து மெயில் வருகிறது. தேதி 2026 ஜனவரி 6. 'டெக்னிக்கல் ரவுண்டை 12 முதல் 16-க்குள் வைத்துக்கொள்ளலாமா?' என்று ரெக்ரூட்டர் கேட்கிறார். பொங்கல் 15-ஆம் தேதி. இவர் 10-ஆம் தேதியே திருநெல்வேலி பக்கம் ஊருக்குக் கிளம்புகிறார், 19 காலையில்தான் ரயிலில் சென்னை திரும்புகிறார்.

இந்த இடத்தில் பலரும் எழுதும் பதில், 'அந்த வாரம் நான் லீவில் இருப்பேன்' என்பது. இந்த ஒரு வரியில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு இன்டர்வியூவுக்குப் போவது சாதாரணம். அதனால் 'லீவில் இருப்பேன்' என்றால், 'அப்படியானால் பகல் முழுக்க ஃப்ரீயா, நல்லது' என்று ரெக்ரூட்டர் புரிந்துகொண்டு 14-ஆம் தேதிக்கே இன்வைட் அனுப்பிவிடலாம். அதுவும் லண்டனில் இருப்பவருக்குப் பொங்கல் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். லீவு என்பதைவிட, 'அந்தத் தேதிகளில் இன்டர்வியூவில் கலந்துகொள்ள முடியாது' என்பதுதான் அவருக்குத் தேவையான செய்தி. அதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

காரணத்தை நீட்டுவது அடுத்த தவறு. குடும்ப நிகழ்ச்சி, டிக்கெட் முன்பே எடுத்தாயிற்று என்று ஒரு பத்தி எழுதினால், முடியாது என்பது அதற்குள் புதைந்துவிடும். 'முன்பே திட்டமிட்ட பயணம்' என்றால் போதும். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்வது வீண் வம்பு. பத்து நாள் முன்கூட்டியே காய்ச்சல் வரும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், மாற்றுத் தேதிகள். 'திரும்பி வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் சரி' என்பது பணிவாகத் தோன்றும், ஆனால் ரெக்ரூட்டருக்கு அதனால் பயனில்லை. அவர் இரண்டு மூன்று பேனல் ஆட்களின் காலண்டரில் பொதுவான ஒரு மணி நேரத்தைத் தேட வேண்டும். தேதியும் நேரமும் கையில் இருந்தால் அன்றைக்கே தேடுவார். இல்லாவிட்டால் இன்னொரு மெயில், இன்னொரு நாள்.

வந்து இறங்கும் நாளையே கொடுப்பதும் வேண்டாம். 19 காலை ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் போதும், எல்லாம் குழம்பும். இவர் 20, 21, 22 கொடுப்பது நல்லது. ஜனவரியில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். நமக்குப் பிற்பகல் 2.30 என்றால் அவர்களுக்குக் காலை 9.00. இரண்டு நேரத்தையும் எழுதிவிட்டால் அவர் கணக்குப் போட வேண்டியதில்லை. தேதியோடு கிழமையையும் சேர்த்தால், தேதி தவறாக விழுந்திருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆக, மெயில் ஆங்கிலத்தில் போனாலும் அதன் சாரம் இவ்வளவுதான்:

'அழைப்புக்கு நன்றி. இந்த ரவுண்டில் கலந்துகொள்ள ஆர்வமாக இருக்கிறேன். ஜனவரி 10 முதல் 19 வரை முன்பே திட்டமிட்ட பயணத்தில் இருப்பதால், அந்த நாட்களில் இன்டர்வியூவில் கலந்துகொள்ள முடியாது. செவ்வாய் 20, புதன் 21, வியாழன் 22 ஆகிய மூன்று நாளும் இந்திய நேரம் பிற்பகல் 2.30 முதல் 6.30 வரை (லண்டன் நேரம் காலை 9.00 முதல் பகல் 1.00 வரை) எனக்கு வசதிப்படும். அதற்கு முன்பே முடிக்க வேண்டியிருந்தால், இந்த வியாழன் 8 அல்லது வெள்ளி 9 இதே நேரத்தில் வர முடியும்.'

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சில வேலைகளுக்கு ஆள் எடுப்பதை அந்த வாரத்தோடு முடித்துவிடுவார்கள். கிளம்பும் முன் ஒரு நாள் ஒதுக்க முடியும் என்றால் சொல்லிவிடலாம். தயாராக இல்லை என்றால் அந்த வரி வேண்டாம், 'தேதி தள்ளினால் பாதிப்பு உண்டா?' என்று மட்டும் கேட்கலாம். ஒரே சனிக்கிழமையில் நடக்கும் டிரைவ், வாக்-இன் போன்றவற்றில் பொதுவாகத் தேதி மாறாது. அங்கே அடுத்த டிரைவ் எப்போது என்று கேட்பதே பலன் தரும்.

இதை மெயில் வந்த அன்றோ மறுநாளோ, அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் சொன்னால் பேனலில் இருப்பவர்களுக்கு அது போய்ச் சேராமல் போகலாம். ஏற்கெனவே காலண்டர் இன்வைட் வந்திருந்தால் வெறுமனே Decline அழுத்திவிட்டு விடக்கூடாது. வேலையே வேண்டாம் என்றும் அதைப் படிக்க முடியும்.

அனுப்பியதோடு தேதி மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வதும் நடக்கிறது. புதிய இன்வைட் வந்து, பழையது ரத்தாகும்வரை பழைய தேதிதான் அவர்கள் கணக்கில் இருக்கும். பதில் இல்லையென்றால் 9-ஆம் தேதி, ஊருக்குக் கிளம்பும் முன், ரெக்ரூட்டரை ஒருமுறை போனில் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும். 14-ஆம் தேதி பேனல் ஆட்கள் காலி மீட்டிங்கில் காத்திருந்தால், இவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றுதான் விழும்.