வேகமாகக் கதைத்தால் விளங்கவில்லையா? காதைப் பழக்கும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த பலருக்கும் உள்ள குறை இதுதான். ரியூசனில் படிப்பிக்கிறவர் கதைத்தால் ஒரு சொல்லும் தப்பாது, இலங்கை வானொலியின் ஆங்கிலச் செய்தியும் பரவாயில்லை, ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கிற ரொறன்ரோப் பேரப்பிள்ளை வாயைத் திறந்தால் பாதிதான் பிடிபடும், மெல்பேர்ன் மருமகன் என்றால் அதுவும் இல்லை. உடனே "எனக்கு இங்கிலிஷ் காணாது" என்று முடிவு கட்டிவிட்டு, சொற்பட்டியல் ஒன்றை எடுத்து வைத்துப் பாடமாக்கத் தொடங்குகிறார்கள். முதல் பிழை இந்த முடிவுதான்.

ஏனென்றால், அந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே கடதாசியில் எழுதிக் காட்டினால் எல்லாமே தெரிந்த சொற்களாகத்தான் இருக்கும். "வற் ஆர் யூ கோயிங் ரு டூ அபௌற் இற்?" ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் ரொறன்ரோவில் வளர்ந்த வாயில் அது "வரயூ கொனடூ அபௌரிற்" என்று வருகிறது. எட்டுச் சொல் மூன்று துண்டாகிவிட்டது. அதோடு, வட அமெரிக்கப் பேச்சில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மாட்டுப்படும் ற் ஒலி, நாங்கள் 'மரம்' என்று சொல்லும்போது வருகிற ர போல மெலிந்துவிடும். 'வோட்டர்' அவர்கள் வாயில் 'வாரர்' ஆவது அதனால்தான். தெரியாத சொல் என்று ஒன்றும் இல்லை. தெரிந்த சொல், தெரியாத சத்தத்தில் வருகிறது, அவ்வளவுதான். இதற்குச் சொற்பட்டியல் எந்தவிதத்திலும் உதவாது.

அடுத்த பிழை எல்லாரும் செய்வது, பார்த்தால் புத்திசாலித்தனமாகவும் தெரிவது: யூரியூப்பில் வேகத்தை 0.75 இல் வைத்துக் கேட்பது. இது ஏன் வேலைக்கு ஆகாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் ஆங்கிலம் கதைக்கும்போது தமிழ் கதைக்கிற மாதிரியே ஒவ்வொரு அசைக்கும் கிட்டத்தட்ட முழு இடம் கொடுத்துத்தான் கதைப்போம். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அப்படிக் கதைப்பதில்லை. வாக்கியத்தில் இரண்டு மூன்று அசைகளைத்தான் அழுத்துவார்கள், மற்றதையெல்லாம் நசுக்கி இடையில் செருகிவிடுவார்கள். வேகம் கூடும்போது எல்லா அசையும் சமமாகச் சுருங்காது, அழுத்தமில்லாததுதான் கூட நசியும், சிலவேளை காணாமலே போய்விடும். சரி, அதை 0.75 இல் ஓட விட்டால் என்ன கிடைக்கும்? 'கொன' என்பது 'கொ...ன' என்று இழுபடுமே தவிர, 'கோயிங் ரு' ஆகத் திரும்பி வராது. போன சத்தம் போனதுதான். மனிதர் ஒருவர் ஆறுதலாகக் கதைத்தால் அந்த ஒலிகள் திரும்ப வரும், இயந்திரம் இழுத்தால் வராது. அதுக்கு மேலே, இழுத்த சத்தத்தில் எது அழுத்தம் எது நசிவு என்கிற வித்தியாசமும் மங்கிவிடும், காது பழக வேண்டியதோ அந்த வித்தியாசத்தைத்தான்.

வேகத்தில் கை வைக்காமல் இடைவெளியில் கை வையுங்கள். இயல்பான வேகத்திலேயே ஓட விட்டு, பேசுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்துங்கள். ஐந்தாறு சொல் கொண்ட துண்டு ஒன்று காதுக்குள் ஒன்றிரண்டு விநாடி நிற்கும், அதற்குள் பிரித்துப் பார்த்துவிடலாம். எழுத்தைப் பார்த்த பிறகு, எந்த ஒலி எங்கே தொலைந்தது என்று உறுதிப்படுத்த ஒரு தடவை மெதுவாக்கிக் கேட்பதில் தவறில்லை. அது சரிபார்ப்பு, பயிற்சி இல்லை.

எழுத்து என்றதும் சப்ரைட்டில் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே தமிழ் எழுத்து ஓட விட்டு ஆங்கிலப் படம் பார்த்தால் காது பழகும் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். படம் விளங்கும், காது பழகாது. 2009 இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள்: ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு ஸ்கொட்லாந்து, அவுஸ்திரேலியப் பேச்சுள்ள படங்களைக் காட்டினார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அதே பேச்சுவழக்கில் முன்பு கேட்காத வாக்கியங்களும் கூடுதலாக விளங்கின. தங்கள் தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்களுக்குப் புதிய வாக்கியங்கள் இன்னும் மோசமாகத்தான் விளங்கின, எழுத்தே இல்லாமல் பார்த்தவர்கள் கூட அவர்களைவிடப் பரவாயில்லை. காரணம் யோசித்தால் தெரியும். ஆங்கில எழுத்து "இந்தச் சத்தம்தான் இந்தச் சொல்" என்று காதுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. தமிழ் எழுத்து கருத்தைக் கையில் தந்துவிடுகிறது, பிறகு காது ஏன் கஷ்டப்படப் போகிறது? ஒன்றைக் கவனியுங்கள், யூரியூப் தானாகவே போடுகிற ஆங்கில எழுத்து, பேச்சு நசிகிற இடத்தில்தான் பிழை விடும். மனிதர் கையால் எழுதிப் போட்டது இருந்தால் அதைத் தேடி எடுங்கள்.

ஆனால் அந்த ஆங்கில எழுத்தையும் தொடக்கத்திலேயே திறக்கக் கூடாது. முதலில் கண் வாசித்துவிட்டால் காது கேட்டதுபோல் நடிக்கும், "ஓம், விளங்குது" என்று தோன்றும். அரை நிமிடப் பேட்டித் துண்டு ஒன்றை எடுங்கள், எழுதி வாசித்ததாக இல்லாமல் இயல்பாகக் கதைத்ததாக இருக்கட்டும். இரண்டு மூன்று தடவை கேட்டு, காதில் விழுந்ததை விழுந்தபடியே, அர்த்தம் இல்லாவிட்டாலும், எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினாலும் பரவாயில்லை. பிறகு ஆங்கில எழுத்தோடு ஒப்பிட்டு, பிழைத்த ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் பாருங்கள்: சொல்லே தெரியாதா, தெரிந்த சொல் உருமாறி வந்ததா, இரண்டு சொல் ஒட்டி வேறொரு சொல்லாகக் கேட்டதா. பெரும்பாலும் பின்னைய இரண்டும்தான் கூடுதலாக இருக்கும். பிறகு எழுத்தோடு ஒரு தடவை, எழுத்தை மூடிவிட்டு ஒரு தடவை கேளுங்கள். அவ்வளவும் போதும். அதே துண்டை ஐம்பது தடவை கேட்டுப் பாடமாக்கினால், பாடமாவது அந்தத் துண்டு மட்டும்தான்.

இதிலிருந்துதான் இன்னொரு பிழையும் வருகிறது. ஒருவரைப் பிடித்துப்போய், விளங்குகிறது என்பதற்காக அவருடைய வீடியோக்களையே வருடக்கணக்கில் கேட்பது. உங்களுக்குப் பழகியது அந்த நாட்டுப் பேச்சு இல்லை, அந்த ஆளின் குரல். 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சீனர் கதைக்கும் ஆங்கிலத்தை அமெரிக்கர்களுக்குப் பழக்கினார்கள். பல குரல்களில் கேட்டுப் பழகியவர்களுக்குப் புதிதாக வந்த சீனரின் பேச்சும் விளங்கியது, ஒரே குரலில் பழகியவர்களுக்கு அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. அவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே நேரம் எடுக்கும். ஆனால் வழி அதுதான்: நாடு ஒன்று, குரல் பல. ஆண், பெண், கிழவர், பெடியன் என்று நாலைந்து பேர். இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்கு அவசரப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும், பிரித்தானிய, அவுஸ்திரேலிய, வட அமெரிக்கக் குரல்கள் எல்லாம் வரும் என்ற பயத்தில், திங்கள் லண்டன், செவ்வாய் சிட்னி, புதன் நியூயோர்க் என்று ஓடுவார்கள். ஒன்றிலும் காது ஊன்றுவதில்லை.

ஊன்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நியூசிலாந்துப் பேச்சு நல்ல உதாரணம். நல்லூர்ப் பக்கம் தங்குவிடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் நிற்கிற பிள்ளையிடம் நியூசிலாந்துக்காரர் ஒருவர் வந்து, "வி நீட் சக்ஸ் பிட்ஸ்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சக்ஸ் என்றால் உறிஞ்சுவது, பிட்ஸ் என்றால் சின்னத் துண்டுகள். பிள்ளை முழிக்கும். அவர் கேட்டது ஆறு கட்டில், 'சிக்ஸ் பெட்ஸ்'. இது வாய்க்கு வந்தபடி வந்த மாற்றம் இல்லை. அவர்கள் பேச்சில் மூன்று குறில் உயிரொலிகள் வரிசையாக ஒவ்வொரு இடம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன: 'பேட்' என்பது எங்கள் காதுக்கு 'பெட்' போல, 'பெட்' என்பது 'பிட்' போல, 'பிட்' என்பது 'பட்' போலக் கேட்கும். இந்தத் திறப்பு கையில் இருந்தால், பிறகு 'ரின்' என்று வரும்போது அது பத்து என்றும் 'பின்' என்று வரும்போது எழுதுகிற பேனை என்றும் தானாகவே பிடிபடும். அவுஸ்திரேலியாவுக்கு வேறு திறப்பு, அங்கே 'டே' என்பது 'டை' பக்கம் சாயும், 'எய்ற்' என்பது 'ஐற்' ஆகும். ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி இரண்டு மூன்று இருக்கும். "இவங்கள் ஒழுங்காகக் கதைக்கிறாங்கள் இல்லை" என்று சலித்துக்கொள்கிறவர் இதைக் கடைசிவரை கண்டுபிடிக்க மாட்டார்.

நேருக்கு நேர் கதைக்கும்போது நடக்கிற பிழை வேறு. ஒரு சொல் தப்பியதும் மனம் அங்கேயே நின்றுவிடும், அதைத் தேடிக்கொண்டு நிற்கும்போது அடுத்த பத்துச் சொல்லும் போய்விடும். அல்லது "யா, யா" என்று தலையாட்டிச் சமாளிப்பது. இது வெட்கத்தை மட்டும் காப்பாற்றும். அமெரிக்கப் பேச்சில் 'கேன்', 'கேன்ற்' இரண்டிலும் தலையாட்டினவர் மாட்டுப்பட்ட கதைகள் ஏராளம். 'ஐ கேன் கம்' என்பதை அவர்கள் 'ஐ கன் கம்' என்று நசுக்கித்தான் சொல்வார்கள், 'ஐ கேன்ற் கம்' என்பதில் ற் தொண்டைக்குள் நின்றுவிடும், 'கேன்' மட்டும் முழுசாகக் கேட்கும். ஆகவே உங்களுக்கு 'கேன்' வடிவாகக் கேட்டால், அநேகமாக அவர் வரமாட்டேன் என்கிறார்! நீங்கள் சோற்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள்.

"சொறி?" என்று மட்டும் கேட்டாலும் பிரயோசனம் இல்லை, அவர் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார், அல்லது விட்டுவிடுங்கள் என்பார். விளங்கினதைத் திருப்பிச் சொல்லி, விளங்காத இடத்தை மட்டும் கேளுங்கள்: "நீங்கள் வியாழக்கிழமை வருவீர்களா, வரமாட்டீர்களா?" என்று. அவர் மறுபடி சொல்லும்போது அந்த ஒரு சொல்லை அழுத்திச் சொல்வார், அப்போது நசிந்த வடிவம் ஒன்றும் முழு வடிவம் ஒன்றுமாக இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிற வாய்ப்பு உங்களுக்கு. ஒலிப்பதிவில் இது கிடைக்காது.

தொலைபேசியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும், எஸ்ஸையும் எஃபையும் பிரித்துக் காட்டுகிற மெல்லிய சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அங்கே பெயரோ இலக்கமோ பிடிபடாவிட்டால் அது காதின் குறை இல்லை, எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வட்ஸ்அப் அழைப்பில் இணைப்பு நல்லாக இருந்தால் இந்தப் பிரச்சினை குறைவு. வெளிநாட்டுச் சொந்தங்களோடு பழகிப் பார்க்க விரும்பினால் அதிலேயே தொடங்கலாம், முடிந்தால் முகமும் தெரிகிற மாதிரி.